ஓரத்தில் நிற்பவரைத் தொடாமல் குடும்பப் படத்தை நீட்டுவது

குடும்பப் படம் வெட்டுப்படும்போது நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஓரத்தில் நிற்கும் ஒருவருக்குத்தான் தோள் போகும், கை போகும். அந்தப் படத்தை நீட்டிப் பெரிதாக்கலாம் என்று உட்காரும்போதும் முதலில் கெடுவது அவர்தான். புதிய பகுதி தொடங்கும் இடமே அவருடைய உடம்பு. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ஒருவரை மட்டும் பார்ப்போம். அவரைக் காப்பாற்றத் தெரிந்துவிட்டால் மற்ற ஓரங்களெல்லாம் எளிது.

படத்தின் எல்லைக்கு வெளியே என்ன இருந்திருக்கும் என்று படம் வரையும் ஒரு ஏஐ மாடலை வரையச் சொல்வதுதான் அவுட்பெயிண்டிங். சுவர் இருந்தால் சுவரைத் தொடரும், புல்தரை இருந்தால் புல்லைத் தொடரும். படத்துக்குள் ஒரு கறையை அழித்து நிரப்புகிற வேலைக்கு இன்பெயிண்டிங் என்று பெயர். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே முறைதான், ஆனால் சிரமம் ஒன்றல்ல. உள்ளே இருக்கும் ஓட்டைக்கு நாலு பக்கமும் படம் இருக்கிறது. வெளியே நீட்டும்போது ஒரு பக்கம் மட்டுமே படம், மறுபக்கம் வெறும் வெளி. ஒரு முனை மட்டும் கட்டிய கயிறு மாதிரி, எல்லையை விட்டுத் தள்ளிப் போகப்போக மாடலின் ஊகம் எந்தப் பக்கமும் அலையும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். வெட்டுப்பட்ட பகுதி வேறெங்காவது உண்மையாகவே இருக்கலாம். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு சட்டம் 36 × 24 மி.மீ. அதை 10 × 8 அங்குலத்தில் பிரிண்ட் போட்டால் விகிதம் ஒத்துப்போகாது, நீளவாட்டில் 30 மி.மீ. அளவுக்குத்தான் தாளில் ஏறும். அதாவது ஆறில் ஒரு பங்கு படம் நெகட்டிவில் இருக்கிறது, பிரிண்டில் இல்லை. ஓரத்தில் நின்றவரின் கை அந்த ஒரு பங்கில் பத்திரமாக இருக்க வாய்ப்பு உண்டு. ஃபோனில் எடுத்த படம் என்றால் கேலரியில் வெட்டியதை ரத்து செய்து பழைய நிலைக்குத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். உண்மையான கை கிடைக்கிற இடத்தில் ஊகித்த கை வேண்டாம்.

சரி, எங்கும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு பேர் ஒரு வெளிர்பச்சைச் சுவர் முன்னால் நிற்கிறார்கள். 6 × 4 அங்குலப் பிரிண்ட், 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தது, 1800 × 1200 பிக்சல். வலது ஓரத்தில் பெரியப்பா. முகம் முழுதாக இருக்கிறது. ஆனால் அவருடைய இடது தோளின் வளைவு பாதியிலேயே நின்றுவிடுகிறது, கையே இல்லை. நமக்கு வேண்டியது அந்தத் தோளும் கையும், அதற்கப்பால் கொஞ்சம் சுவரும். வலப்பக்கம் 304 பிக்சல் சேர்க்கப் போகிறோம்.

முகம் ஏன் மாறுகிறது

நான் முதன்முதலில் இப்படி ஒரு படத்தை நீட்டியபோது புதிய பகுதி நன்றாகவே வந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், நான் தொடவே தொடாத நடுவரிசையில் ஒருவருடைய கண் வேறு மாதிரி இருந்தது. எங்கே வரைய வேண்டும் என்று மாடலுக்குக் குறித்துக் காட்டும் மாஸ்க்கைப் போட்டது ஓரத்தில் மட்டும்தான். அப்புறம் எப்படி நடுவில் மாறியது?

ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தைப் பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. முதலில் படத்தைச் சுருக்கி ஒரு குறிப்பு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒன்றாகச் சுருங்கும். 512 × 512 படம் 64 × 64 கட்டங்களாகிவிடும். வரைதல் எல்லாம் அந்தக் கட்டங்களில் நடக்கிறது, முடிந்த பிறகு மறுபடி பிக்சலாக விரிகிறது. குழுப்படத்தில் ஒரு முகம் 64 பிக்சல் உயரம் என்றால் அந்த முகம் மொத்தமும் எட்டுக் கட்ட உயரத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு கட்டம்தான் கிடைக்கும். அங்கிருந்து மறுபடி விரித்தெடுக்கும்போது கண் திரும்பி வரும், ஆனால் அதே கண்ணாக வராது. இமையின் கோடு கொஞ்சம் மாறும், பார்வை கொஞ்சம் திரும்பும். மாஸ்க் போடாத இடமும் இந்தச் சுருக்கி விரிக்கும் பயணத்தைப் போய் வந்ததுதான்.

இதற்கு ஒரே மருந்துதான் உண்டு. மாடல் தந்த படத்தை அப்படியே இறுதிப் படமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அதிலிருந்து புதிய ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மூலப்படத்தை அதன் மேல் பழைய இடத்திலேயே மறுபடி ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஏழு பேரின் முகமும் ஸ்கேனரில் இருந்து வந்த அதே பிக்சல்கள்.

ஓரத்தில் கத்தி விழும் இடம்

முகம் தப்பித்துவிட்டது. இப்போது பெரியப்பாவின் தோளுக்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் காரணம் புரியாமல் வேலை கெடுகிறது.

பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடத்தில் கோடு தெரியக்கூடாது என்பதற்காகக் கருவிகள் மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்குகின்றன. அதை ஃபெதர் என்பார்கள். கேட்க நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மென்மை எந்தப் பக்கம் விரிகிறது என்று பாருங்கள். இம்மாதிரி மாடல்களை இயக்கும் கம்ஃபியுஐ என்ற செயலியில் `Pad Image for Outpainting` என்ற பெட்டி இருக்கிறது. அதில் `feathering` என்ற எண் தானாகவே 40 என்று இருக்கும். அந்த 40 பிக்சலும் மூலப்படத்தின் உள்பக்கமாகத்தான் விரிகின்றன. வெற்றுச் சுவராக இருந்தால் பரவாயில்லை, 40 பிக்சல் சுவர் மறுபடி வரையப்பட்டால் யாருக்கும் தெரியாது. அதே 40 பிக்சலில் பெரியப்பாவின் தோளும் சட்டை மடிப்பும் இருந்தால் அவையும் மறுபடி வரையப்படும். காது ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் காதும் போகும். அவரைக் காப்பாற்றத்தான் நீட்டுகிறோம், நீட்டும் கருவியே அவரைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது.

அதனால் மாஸ்க் ஒன்று போதாது, இரண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மாஸ்க் மாடலுக்கு, எங்கே வரைய வேண்டும் என்று சொல்வதற்கு. இரண்டாவது நமக்கு, வரைந்து வந்த பிறகு மூலப்படத்தை எப்படி ஒட்ட வேண்டும் என்பதற்கு. முதல் மாஸ்க்கில் ஃபெதர் சுழி, மூலப்படத்தின் விளிம்போடு கறாராக நிற்க வேண்டும். அப்போதுதான் மாடல் தோள்கோட்டை அதன் கடைசிப் பிக்சல் வரை பார்த்து, அதே சரிவில் தொடரும். அந்தக் கோட்டையும் அழித்து வரையச் சொல்லிவிட்டு, அப்புறம் பழைய தோளை மேலே ஒட்டினால், இரண்டு கோடும் சந்திக்காமல் தோளில் ஒரு படி விழுந்த மாதிரி தெரியும். இரண்டாவது மாஸ்க் இடத்துக்கு இடம் மாறலாம். சுவர் இருக்கும் உயரத்தில் 30, 40 பிக்சல் மென்மை. பெரியப்பா இருக்கும் உயரத்தில் மென்மையே இல்லை, மிஞ்சினால் இரண்டு பிக்சல்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் விளைவு பெரிது. ஸ்கேன் செய்த படத்தின் விளிம்பில் மூன்று நான்கு பிக்சலுக்குத் தாளின் வெள்ளை ஓரமோ ஸ்கேனர் நிழலோ ஒட்டிக்கொண்டிருக்கும். நம் கண் அதைப் பொருட்படுத்தாது. மாடலுக்கு அது ஒரு செங்குத்துக் கோடு, அதாவது சுவர் அங்கே முடிகிறது என்ற செய்தி. உடனே கதவுச் சட்டமோ தூணோ வரைந்துவிடும். அதனால் முதலிலேயே நாலு பக்கமும் நாலு நாலு பிக்சல் நறுக்கிவிடுங்கள். நம் படம் 1792 × 1192 ஆகிறது. இரண்டுமே எட்டால் வகுபடும் எண்கள், அதுவும் வசதி. எட்டால் வகுபடாவிட்டால் சில கருவிகள் படத்தைச் சற்று இழுத்தோ வெட்டியோ சரிசெய்துகொள்ளும், திரும்ப ஒட்டும்போது ஒரு சில பிக்சல் தள்ளிப் போகும்.

பெரியப்பாவின் கை

முழுப் படத்தையும் மாடலுக்குத் தர வேண்டியதில்லை. ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகையில் ஒன்றான எஸ்டிஎக்ஸ்எல் மாடல் 1024 × 1024 அளவை ஒட்டிப் பழக்கப்பட்டது. அதைவிட மிகப் பெரிய படத்தைக் கொடுத்தால் ஒரே ஆளை இரண்டு முறை வரைவது போன்ற கோளாறுகள் வரும். ஆகவே வலது ஓரத்தை மட்டும் ஒரு பட்டையாக வெட்டி எடுக்கிறோம். 304 பிக்சலையும் ஒரே மூச்சில் கேட்பதில்லை. முதலில் 128, அதில் தோளும் கையும் முடியட்டும். அப்புறம் 176, அதில் சுவர் மட்டும். இரண்டாவது சுற்றில் விளிம்பு எந்த மனிதரையும் தொடாது என்பதுதான் இப்படிப் பிரிப்பதன் லாபம்.

நறுக்கிய படத்தை `photo.png` என்று சேமித்துக்கொண்டால், பைத்தானில் முதல் சுற்றுக்கான பட்டையும் மாஸ்க்கும் இவ்வளவுதான்:

```python
from PIL import Image

photo = Image.open("photo.png").convert("RGB")
w, h = photo.size
old, new = 896, 128

strip = Image.new("RGB", (old + new, h), (128, 128, 128))
strip.paste(photo.crop((w - old, 0, w, h)), (0, 0))

mask = Image.new("L", strip.size, 0)
mask.paste(255, (old, 0, old + new, h))

strip.save("strip.png")
mask.save("mask.png")
```

பட்டையில் 896 பிக்சல் பழைய படம், 128 பிக்சல் சாம்பல் நிற வெற்றிடம். மாஸ்க்கில் கறுப்பு இருக்கும் இடம் அப்படியே இருக்க வேண்டும், வெள்ளை இருக்கும் இடம் வரையப்பட வேண்டும். சில கருவிகளில் இது தலைகீழாக இருக்கும். ஒரு முறை சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்து பிராம்ப்ட், அதாவது என்ன வரைய வேண்டும் என்று மாடலுக்கு எழுதிக் கொடுப்பது. இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குடும்பப் படம் என்று எழுதுவது. அப்படி எழுதினால் மாடல் புதிய இடத்தில் குடும்பத்தைத் தேடும், எட்டாவதாக ஒருவரை நிறுத்திவிடும். பிராம்ப்ட் விவரிக்க வேண்டியது முழுப் படத்தை அல்ல, அந்த 128 பிக்சலில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும்தான். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

```
plain pale green wall, dark blue cotton shirt sleeve,
arm hanging straight down, soft light from the left
```

வேண்டாதவை என்ற பெட்டியில் இதை:

```
extra person, face, picture frame, border, door
```

நாலு படங்கள் வாங்கிப் பாருங்கள். இம்மாதிரி ஓரத்துக்கு வழக்கமாக வருவதைச் சொல்கிறேன். ஒன்றில் கை முழங்கைக்குக் கீழே சுவரோடு கரைந்துபோகும். ஒன்றில் கை இருக்கும், ஆனால் பெரியப்பாவின் கையைவிட மெலிந்து, ஒரு சிறுவனின் கைபோல இருக்கும். ஒன்றில் பிராம்ப்டையும் மீறி யாரோ ஒருவரின் தோள் எட்டிப்பார்க்கும். ஒன்று தேறும்.

எது தேறியது என்று எப்படி முடிவு செய்வது? முகத்தைப் பார்க்காதீர்கள், அதைத்தான் எப்படியும் திரும்ப ஒட்டப்போகிறோமே. முதலில் தோள்கோட்டைப் பாருங்கள், எல்லையைக் கடக்கும்போது சரிவு மாறாமல் போக வேண்டும். அடுத்து நீளம். கையைத் தொங்கவிட்டு நிற்பவருக்கு முழங்கை இடுப்பளவில் இருக்கும், விரல்நுனி தொடையின் நடுவரை வரும். அப்புறம் சட்டை. எல்லையில் முடிகிற ஒரு மடிப்பின் நிழல் புதிய பக்கத்திலும் தொடர்கிறதா, அல்லது அங்கிருந்து துணி இஸ்திரி போட்டது போல வழவழப்பாகிவிடுகிறதா? கடைசியாக வெளிச்சம். மற்ற ஆறு பேருக்கும் முகத்தின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறதோ, இந்தக் கையிலும் அந்தப் பக்கமே விழ வேண்டும்.

எத்தனை முறை முயன்றாலும் கை சரியாக வரவில்லை என்றால் இதைச் செய்யுங்கள். பெரியப்பாவின் வலது கை படத்தில் முழுதாகத் தெரிகிறது அல்லவா? அதை வெட்டி எடுத்து, கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பி, சாம்பல் வெற்றிடத்தில் தோளோடு பொருந்துகிற மாதிரி தோராயமாக வையுங்கள். பின்னால் சுவர் நிறத்தைப் பூசுங்கள். அந்தப் பட்டையைக் கொடுத்து `strength` என்ற அளவை 1-லிருந்து 0.6 அல்லது 0.7-க்குக் குறையுங்கள். 1 என்றால் மாடல் வெறும் இரைச்சலில் இருந்து புதிதாக வரையும். குறைத்தால் நீங்கள் வைத்ததன் உருவத்தைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, தையலையும் நிழலையும் மட்டும் சரிசெய்யும். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். வருவது ஏதோ ஒரு கை அல்ல, அவருடைய கையின் அளவும் பருமனும் கொண்ட கை. நிழல் மட்டும் திரும்பியிருக்கும், அதைத்தான் மாடல் திருத்த வேண்டும்.

தேறிய படத்தை `result.png` என்று சேமித்து, அதே நிரலின் தொடர்ச்சியாக மூலப்படத்தை மேலே ஒட்டுங்கள்:

```python
result = Image.open("result.png").convert("RGB")
final = Image.new("RGB", (w + new, h))
final.paste(result, (w - old, 0))
final.paste(photo, (0, 0))
final.save("step1.png")
```

கடைசிக்கு முந்தைய வரிதான் உயிர்நாடி. மாடலின் பட்டை முதலில் கீழே போகிறது, மூலப்படம் அதன் மேல் அமர்கிறது.

`step1.png`-ஐத் திறந்தால் சுவரில் ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு தெரியலாம். இப்போது இரண்டாவது மாஸ்க்கின் நேரம். கிம்ப் போன்ற செயலியில் மாடலின் பட்டையைக் கீழ் லேயராகவும் மூலப்படத்தை மேல் லேயராகவும் வைத்து, மேல் லேயருக்கு ஒரு லேயர் மாஸ்க் போடுங்கள். மென்மையான தூரிகையால், சுவர் மட்டும் இருக்கும் உயரத்தில், பெரியப்பாவின் தலைக்கு மேலே, விளிம்பை மெல்லத் தேய்த்து மறையுங்கள். தலைக்குக் கீழே வந்தவுடன் தூரிகையை நிறுத்திவிடுங்கள். சட்டையில் கோடு தெரிந்தால் அதைத் தேய்க்காமல், புதிய பக்கத்தின் நிறத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ பழைய பக்கத்துக்குப் பொருத்துங்கள். மாற வேண்டியது எப்போதும் புதிய பக்கம்தான்.

நிறம் பொருந்திய பிறகும் புதிய பகுதி தனியாகத் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் மணல்மணலான அந்தப் பழைய பிரிண்டின் தன்மை. ஸ்கேனில் அது இருக்கிறது, மாடல் வரைந்ததில் இல்லை. புதிய பகுதிக்கு மட்டும் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தால் இரண்டும் ஒரே தாளில் வந்தது போல அமரும். இதே நிலையில் `step1.png`-ஐச் சேமித்துவிட்டு இரண்டாவது சுற்றுக்குப் போங்கள். அதை மூலப்படமாக வைத்து, `old` 848, `new` 176. பிராம்ப்டில் சுவர் மட்டும் போதும், சட்டையும் கையும் வேண்டாம். முடிவில் படம் 2096 × 1192.

நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு: ஃபோட்டோஷாப்பின் `Generative Expand` புதிய பகுதியைத் தனி லேயரில் தருகிறது. மூலப்படத்தின் நகலை அதற்கு மேலே வைத்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. ஒரே பொத்தானில் படத்தை நீட்டித் தரும் ஃபோன் செயலிகள் பல எல்லாவற்றையும் ஒரே படமாக்கித் தருகின்றன. அப்படி வந்ததன் மேலும் மூலப்படத்தை ஒட்டலாம், இரண்டின் அளவும் இடமும் பிக்சல் தவறாமல் பொருந்தினால்.

உண்மையாகவே யாரும் மாறவில்லையா என்று கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், சோதிக்க வழி இருக்கிறது. இறுதிப் படத்தைத் திறந்து, அதன் மேல் நறுக்கிய மூலப்படத்தை இடது மேல் மூலையில் பொருத்தி, மேல் லேயரின் முறையை `Difference` என்று மாற்றுங்கள். இரண்டு படமும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் சுத்தக் கறுப்பாகிவிடும். மூலப்படத்தின் பரப்பு முழுதும் கறுப்பாக, பெரியப்பாவின் தலைக்கு மேல் சுவர் விளிம்பில் மட்டும் ஒரு மங்கலான பட்டை தெரிந்தால் வேலை சரி. எங்காவது ஒரு முகத்தின் உருவரை மங்கலாகத் தெரிந்தால் அந்த முகம் மாறியிருக்கிறது. லேசாக இருந்தால் கண்ணுக்குச் சிக்காது, ஆகவே வெளிச்சத்தை நன்றாக ஏற்றிப் பாருங்கள். ஜேபிஜியாகச் சேமித்துவிட்டுச் சோதித்தால் படம் முழுக்கத் தூசி போலத் தெரியும், அது சுருக்கத்தால் வருவது. இந்தச் சோதனை முடியும்வரை பிஎன்ஜியிலேயே இருங்கள்.

இப்படியெல்லாம் செய்தும் முடியாத ஒன்று உண்டு. விளிம்பு முகத்தின் நடுவே போயிருந்தால், ஒரு கண் உள்ளே, ஒரு கண் வெளியே என்றால், நான் அந்தப் பக்கம் நீட்டுவதில்லை. மாடலுக்கு அந்த மனிதரைத் தெரியாது. இருக்கிற பாதியை வைத்து ஒரு மறுபாதி வரையும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் பார்த்த நொடியே இது அவர் இல்லை என்பார்கள். தெரியாத பேரப்பிள்ளைகளோ அதையே அவர் முகம் என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. கையும் தோளும் சுவரும் ஊகமாக இருக்கலாம், முகம் இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட படத்தில் மற்ற மூன்று பக்கங்களை நீட்டிவிட்டு அந்த ஒரு பக்கத்தை அப்படியே விடுங்கள்.

நறுக்காத மூல ஸ்கேனைத் தனியாக வைத்துக்கொண்டு, நீட்டிய கோப்பின் பெயரிலேயே அது நீட்டிய படம் என்று சொல்லிவிடுங்கள். பிரிண்ட் போட்டால் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி போதும்: வலது ஓரம், பெரியப்பாவின் இடது கை உட்பட, பிறகு வரைந்து சேர்த்தது.